மின்மினி என்ற கடைக்குட்டி

பொழுதுபோக்குக் குழுக்களுக்கு டெலிகிராமில் பாட் எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. எழுதியவற்றுள் எனக்கு மிகவும் நெருக்கமானது ஒரு மாடித்தோட்டக் குழுவுக்காக உருவாக்கிய மின்மினி. அந்தக் குழுவில் கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருந்தார்கள். மாவுப்பூச்சிக்கு என்ன தெளிப்பது, ஆடிப்பட்டத்தில் எதை விதைப்பது, தொட்டிக்கு மண்கலவை எப்படி என்று ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. ஒருங்கிணைப்பாளர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: “பதில் சொன்னா மட்டும் போதாது சார். அதுகிட்ட பேசணும்னு எங்க ஆளுங்களுக்குத் தோணணும்.”

அதற்கு முதல் படி பெயர். டெலிகிராமில் புது பாட் தொடங்க @BotFather என்ற கணக்கில் `/newbot` என்று அனுப்ப வேண்டும். அது இரண்டு பெயர்களைக் கேட்கும். ஒன்று திரையில் தெரியும் பெயர். அதைத் தமிழிலேயே வைக்கலாம், பின்னால் மாற்றவும் செய்யலாம். மற்றொன்று பயனர்பெயர், அது ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், bot என்று முடிய வேண்டும். இரண்டையும் நிரப்ப ஒரு நிமிடம் போதும். ஆனால் உறுப்பினர்கள் நாள்தோறும் கூப்பிடப்போகும் பெயரைத் தேர்ந்தெடுக்க நாள்கள் ஆகும், ஆகவும் வேண்டும்.

பெயர்களை உறுப்பினர்களிடமே கேட்டோம். மண்புழு, பச்சையம்மா, தாத்தா, பொன்வண்டு, மின்மினி என்று பல வந்தன. நேராக வாக்கெடுப்புக்கு விடாமல் முதலில் சலித்தேன். டெலிகிராமின் கணினிச் செயலியில் குழுவின் பழைய உரையாடல் முழுவதையும் கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. ஒருங்கிணைப்பாளர் உறுப்பினர்களிடம் சொல்லிவிட்டு அப்படி இறக்கித் தந்தார். ஒவ்வொரு பெயரையும் அதில் தேடினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பேசுகிற பாட் என்றால், அந்தப் பெயர் குழுவின் அன்றாடப் பேச்சில் இருக்கக் கூடாது. ‘மண்புழு’ அதில் விழுந்தது; மண்புழு உரத்தைப் பற்றி யாராவது பேசாத வாரமே இல்லை. ஒவ்வொரு முறையும் பாட் தலை நீட்டி “கூப்பிட்டீங்களா?” என்றால் இரண்டே நாளில் வெறுத்துவிடுவார்கள்.

‘பொன்வண்டு’தான் பலருக்குப் பிடித்திருந்தது. தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்த தலைமுறை அந்தக் குழுவில் நிறைய. ஆனால் பொன்வண்டு என்ற பெயரில் சலவை சோப்பும் இருக்கிறது. வேப்பெண்ணெய் தண்ணீரோடு கலக்கச் சோப்புக் கரைசல் தேவைப்படுவதால், எந்தச் சோப்பு போடலாம் என்ற பேச்சு எப்போதும் ஓடும். மிக முக்கியமான கேள்விக்கு நடுவே பாட் தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளும். எனவே அதுவும் போனது.

‘பச்சையம்மா’ வேறு காரணத்துக்காக விலகியது. பச்சையம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் குழுவில் இருந்தார்கள். பாட் என்றால் சில நேரம் உளறும். அந்த உளறல் தெய்வத்தின் பெயரில் வரக் கூடாது. ‘தாத்தா’ என்ற பெயரோ வயதின் அதிகாரத்தைச் சுமந்து வருகிறது. தாத்தா சொன்ன அளவை எதிர்த்துக் கேட்கப் புதியவர்கள் தயங்குவார்கள். பாட் சொல்வதை யாரும் தயங்காமல் மறுக்க முடிய வேண்டும்.

மின்மினி எல்லாச் சல்லடையிலும் தங்கியது. நகரத்து மாடிகளில் அதைக் காண்பது அரிது என்பதால் பேச்சில் அடிபடுவதில்லை. அதன் புழு நத்தைகளைத் தின்னும் என்பதால் தோட்டத்துக்கு நண்பன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களும் பெரும்பாலும் minmini என்றுதான் எழுதுவார்கள். பொன்வண்டை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். ‘ரோஜா’ படத்தில் பாடிய பாடகியின் பெயரும் மின்மினிதான், ஆனால் மாடித்தோட்டக் குழுவில் அவர் பேச்சு வருவது குறைவு. அந்த மோதலை ஏற்றுக்கொண்டோம். சலித்தபின் எஞ்சிய சில பெயர்களை வாக்கெடுப்புக்கு விட்டோம். மின்மினி வென்றது. உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த பெயர் என்பதால் முதல் நாளிலிருந்தே அது அவர்களுடையதாக இருந்தது.

அடுத்தது, கூப்பிட்டால் அதன் காதில் விழ வேண்டும். குழுவில் சேர்க்கும் பாட்டுக்கு ஒரு தனியுரிமை அமைப்பு இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அது இருக்கும்வரை, கட்டளைகளும் பாட்டின் செய்திக்கு வரும் பதில்களும்தான் அதற்குப் போய்ச் சேரும், “மின்மினி, வெண்டைக்கு என்ன பட்டம்?” என்ற சாதாரண வாக்கியம் போகாது. @BotFather-இல் `/setprivacy` மூலம் அதை நீக்கிவிட்டு, பாட்டைக் குழுவிலிருந்து எடுத்து மீண்டும் சேர்க்க வேண்டும். அதன்பின் உறுப்பினர்கள் குழுவில் பேசும் எல்லாமே பாட்டுக்கும் போய்ச் சேரும். இதை உறுப்பினர்களிடம் மறைக்கக் கூடாது. மின்மினி நுழைந்த அன்று, தன் பெயர் இல்லாத செய்தி எதையும் அது சேமிக்காது என்று எழுதி, அந்தச் செய்தியைக் குழுவின் மேலே பொருத்தி வைத்தோம். நிரலும் அப்படியே எழுதப்பட்டது. நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்தக் குணமும் எடுபடாது.

பெயரை அடையாளம் காண்பதில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பைத்தானின் `re` நூலகத்தில் சொல்லைக் குறிக்கும் `\w` என்ற குறி, தமிழ் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை. ‘மின்மினி’ என்ற சொல்லை அது ம, ன, ம, ன என்று நான்கு துண்டுகளாக உடைத்துவிடும். ஆங்கிலத்துக்கு எழுதிய மாதிரி நிரலை அப்படியே எடுத்துப் போட்டவர்கள், பாட் ஏன் காது கேளாததுபோல் இருக்கிறது என்று திகைப்பது இதனால்தான். மேலும் ‘மின்மினியை’, ‘மின்மினிக்கு’, ‘மின்மினியே’ என்று வேற்றுமையும் விளியும் சேர்ந்துகொண்டே வரும். எளிய வழி, இடைவெளியில் பிரித்து, சொல்லின் தொடக்கத்தைப் பார்ப்பது:

```python
import unicodedata

PEYAR = ("மின்மினி", "minmini")

def kooppittaargala(text):
    text = unicodedata.normalize("NFC", text).lower()
    return any(s.strip(".,!?:;\"'()").startswith(PEYAR)
               for s in text.split())
```

`normalize` வரி எதற்கென்றால், ‘கொ’ போன்ற எழுத்தைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும் சில இரண்டு குறிகளாகவும் தட்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பாட்டின் பெயரில் அந்த எழுத்துகள் இல்லை. ஆனால் ‘கொத்தவரை’, ‘கோவக்காய்’ என்று பயிர்ப் பெயர்களில் நிறைய இருக்கின்றன.

இனி குணம். நகைச்சுவையானது, அன்பானது, அறிவானது என்று மூன்று சொல் எழுதிக் கொடுத்தால் அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. நான் எழுதிக்கொள்வது முடிவுகளை. யாரை எப்படிக் கூப்பிடும், எத்தனை வரி பேசும், தெரியாதபோது என்ன சொல்லும், எப்போது பேசாது. இந்த நான்குக்கும் விடை இருந்தால் குணம் தானாக உருவாகிவிடும்.

தமிழில் முதல் கேள்வியே மிகக் கனமானது. ‘நீ’யா, ‘நீங்க’ளா? அக்காவா, மேடமா? இதற்கு உதவும்படி டெலிகிராம் நமக்குத் தருவது உறுப்பினர் வைத்துக்கொண்ட பெயரை மட்டும். அதில் சில நேரம் ஒரு பூப்படம் மட்டும் இருக்கும். வயதும் தெரியாது, ஆணா பெண்ணா என்றும் தெரியாது. எனவே மின்மினியை அந்தக் குழுவின் கடைக்குட்டியாக வைத்தேன். அது எல்லாரையும் ‘நீங்க’ என்றுதான் சொல்லும். அதை எல்லாரும் ‘நீ’, ‘வா’, ‘சொல்லு’ என்று கூப்பிடலாம். வீட்டுக் கடைக்குட்டிக்குக் கிடைக்கும் உரிமையும் செல்லமும் அந்த ஒரு ஏற்பாட்டிலேயே வந்துவிட்டன. கடைக்குட்டிக்குத் தெரியாமல் இருப்பதும் தவறில்லை, பெரியவர்கள் திருத்துவதும் இயல்பு. தன்மையில் பேசும்போது தமிழ் வினைக்கு ஆண், பெண் ஈறு கிடையாது என்பதால் மின்மினி தன்னைப் பற்றி அதைச் சொல்லத் தேவையே வரவில்லை. சிலர் “மின்மினி சொல்லுச்சு” என்றார்கள், சிலர் “சொன்னா” என்றார்கள். இரண்டையும் அப்படியே விட்டுவிட்டோம்.

உறவுமுறையை ஊகிக்காமல் கேட்டுவிடுவது என்று வைத்தேன். ஒருவர் முதன்முறை கூப்பிடும்போது “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?” என்று கேட்கும், என்ன சொல்கிறார்களோ அதையே வைத்துக்கொள்ளும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் “டீச்சர்னு கூப்பிடு” என்றார். இன்னொருவர் “மாமா” என்றார். தான் விரும்பிய முறையில் தன்னை அழைக்கிற ஒன்றிடம் மீண்டும் பேச வருவது இயல்புதானே. நான் எழுதிய எந்த வேடிக்கை வரியையும்விட இதைத்தான் உறுப்பினர்கள் அதிகம் ரசித்தார்கள்.

எத்தனை வரி என்பதற்கு விடை இரண்டு. கைபேசித் திரையில் அதற்கு மேல் போனால் மற்றவர்கள் பேசியது மேலே தள்ளப்பட்டுவிடும். வணக்கத்துக்கும் நன்றிக்கும் வெவ்வேறு பதில்களை எழுதி வைத்தேன். அவற்றை ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் எடுத்தால் ஒரே வரி அடுத்தடுத்து வந்து, பாட் என்பது உடனே உறுத்தும். ஆகவே பட்டியலைக் கலைத்து அடுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, முழுவதும் தீர்ந்த பிறகே மறுபடி கலைக்கும்படி செய்தேன். வேடிக்கை வரிகள் சீக்கிரம் பழகிவிடும். பேசுபவரின் தோட்டத்தைத் தொட்டுப் பேசும் வரிகள் பழகுவதே இல்லை.

அதனால் மின்மினியின் உயிர்நாடியாக வைத்தது நினைவை. “மின்மினி, இன்னைக்கு வெண்டை விதைச்சேன்” என்றால் அது தேதியோடு குறித்துக்கொள்ளும். கீரை என்றால் 25 நாள் வாக்கிலும் வெண்டை என்றால் 45 நாள் வாக்கிலும் அதுவே வந்து விசாரிக்கும். “மாமா, வெண்டைக்கு இன்னையோட 45 நாள். காய் வந்துடுச்சா?” இந்த ஒரு வரிக்காகவே விதைத்த அன்று மறக்காமல் வந்து சொல்பவர்கள் இருந்தார்கள். பதிலாகப் படம் வரும், படத்தைப் பார்த்து மற்றவர்கள் பேசுவார்கள், குழு கலகலப்பாகும்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவைப்பட்டது. ஒன்று கூட்டம். ஆடிப்பெருக்கு அன்று பாதிக் குழு விதைக்கும். அப்படியானால் 45-ஆம் நாள் காலையில் அத்தனை பேருக்கும் தனித்தனி விசாரிப்பு போகும். ஒரு குழுவுக்கு ஒரு நிமிடத்தில் 20 செய்திகளுக்கு மேல் ஒரு பாட் அனுப்ப டெலிகிராம் விடுவதில்லை. வரம்பு இல்லாவிட்டாலும் அது ஆரவாரமாகிவிடும். எனவே ஒரே பயிர், ஒரே நாள் என்றால் எல்லார் பெயரையும் சேர்த்து ஒரே செய்தியாகக் காலை ஏழு மணிக்கு அனுப்பும்படி செய்தேன். தனியாக விசாரித்ததைவிட இது நன்றாக வேலை செய்தது. ஒன்றாக விதைத்தவர்கள் தங்கள் காய்களை ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது, செடி செத்துப்போயிருந்தால். 45-ஆம் நாள் காய் கேட்கும்போது, நாற்றிலேயே பட்டுப்போனதை நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கேள்வி குத்தும். முதன்முறை மாடியில் விதைத்த ஒருவரின் வெண்டை, தொட்டியில் நீர் தேங்கி வேரழுகிப் போயிருந்தது. “செத்துப்போச்சு மின்மினி” என்று மட்டும் எழுதினார். இந்த இடத்துக்கான வரியை எழுதுவதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். ஆறுதல் வாசகங்களை எழுதிப் பார்த்தேன். இயந்திரம் சொல்லும் ஆறுதல் பொய்யாக ஒலித்தது. கடைசியில் வைத்தது இது: “குறிச்சுக்கிட்டேன். இந்தத் தொட்டியைப் பத்தி இனிமே கேட்க மாட்டேன். எப்படிப் போச்சுன்னு சொன்னா, தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்வாங்க.” அவர் படம் போட்டார். தொட்டியின் அடியில் துளை அடைத்திருப்பதைப் பார்த்த மூத்த உறுப்பினர், ஓட்டாஞ்சில்லு வைத்து அதன்மேல் மண் போடச் சொன்னார். ஆறுதல் மனிதரிடமிருந்து வந்தது, அதுதான் சரி.

பட்டுப்போச்சு, காஞ்சுபோச்சு, அழுகிடுச்சு, பூச்சி தின்னுடுச்சு என்று இழப்பைச் சொல்லும் சொற்களையெல்லாம் குழுவின் பழைய உரையாடலிலிருந்து திரட்டி, அவை வந்தால் வேடிக்கை வரி எதுவும் எடுக்கக் கூடாது என்று பூட்டினேன்.

இதைவிட இறுக்கமான பூட்டு இன்னொன்று. ‘காலமானார்’, ‘இரங்கல்’ போன்ற சொற்கள் குழுவில் தென்பட்டால் மின்மினி அன்று முழுவதும் வாய் திறக்காது. விசாரிப்புகளும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும். சொல்லைப் பார்த்து மட்டும் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியாது என்பதால், நிர்வாகிகளுக்கு `/amaidhi` என்ற கட்டளையையும் கொடுத்தேன். டெலிகிராம் கட்டளைகளில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், கீழ்க்கோடு தவிர வேறு எதுவும் இடம்பெறாது. அதனால் தமிழ்ச் சொல்லை அந்த எழுத்தில் வைத்தோம்.

அளவு சொல்லும் இடத்தில் மின்மினிக்குக் குணமே கிடையாது. மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டும். பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 30 மி.லி. இப்படிப்பட்ட பதில்களைக் குழுவின் அனுபவசாலிகள் படித்துச் சரிபார்த்து, ஒரு எழுத்தும் மாறாத நிலையான உரையாக வைத்தோம். செல்லப் பேச்சும் அளவும் ஒரே வரியில் கலந்தால், படிப்பவருக்கு எது விளையாட்டு எது கணக்கு என்று தெரியாமல் போகும். குரல் மாறுவதே ‘இது கவனிக்க வேண்டியது’ என்பதற்கு அடையாளமாயிற்று.

இப்போது சிலர், மொழி மாதிரியை இணைத்துவிட்டால் வரிகளைக் கையால் எழுத வேண்டாமே என்கிறார்கள். இணைக்கலாம். ஆனால் யாரை எப்படிக் கூப்பிடுவது, எங்கே பேசாமல் இருப்பது என்ற முடிவுகளை அப்போதும் யாராவது உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும். அளவு சொல்லும் பதில்களை அதன் கையில் விடவே கூடாது. நம்பும்படியாகப் பேசிக்கொண்டே தவறான அளவைச் சொல்ல அதனால் முடியும்.

பாட் அடிக்கடி பேசும் வரி எது என்று பதிவுகளைப் பார்த்தால், அது ‘புரியவில்லை’ என்ற வரியாகத்தான் இருக்கும். பலர் அதைக் கடைசியில், அலட்சியமாக எழுதுவார்கள். மின்மினியின் பாதிக் குணம் அந்த வரியில்தான் இருக்கிறது. கேள்வி தோட்டத்தைப் பற்றியது, ஆனால் பதில் கையில் இல்லை என்றால், “எனக்கு இது தெரியல. யாராவது டீச்சருக்குச் சொல்லுங்களேன்” என்று, கேள்வி கேட்டவரைக் குறிப்பிட்டு, குழுவிடம் ஒப்படைக்கும். கேள்வியே புரியாவிட்டால் ஒருமுறை சொல்லும். உடனே மறுமுறையும் புரியாவிட்டால் தன்னால் முடிந்தவற்றின் பட்டியலைக் காட்டும். மூன்றாம் முறை பேசாது. தடுமாறும் பாட் பேசிக்கொண்டே இருப்பதுதான் எரிச்சலின் ஊற்று.

ஒப்படைக்கும் அந்த வரிக்காக நான் வாதாட வேண்டியிருந்தது. எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்த பாட்தான் சிறந்தது என்று நிர்வாகிகளில் சிலர் நினைத்தார்கள். எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொல்கிற பாட் இருக்கும் குழுவில் அனுபவசாலிகள் மெல்லப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் பேச இடமே இருக்காது. பிறகு அது குழுவாக இருக்காது, ஒவ்வொருவரும் தனித்தனியே பாட்டிடம் கேட்டுப் போகும் வரிசையாகிவிடும்.

எனவே மின்மினி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அதனிடம் எத்தனை பேர் பேசினார்கள் என்று நான் எண்ணுவதில்லை. ஒருங்கிணைப்பாளரும் நானும் வாரம் ஒருமுறை அது பேசிய இடங்களை மேலும் கீழும் படிப்போம். அது பேசியபின் பத்து நிமிடத்துக்குள் ஒரு மனிதர் இன்னொரு மனிதரோடு பேசியிருக்கிறாரா என்பதுதான் அளவுகோல். பேச்சு அதோடு அடங்கிவிட்ட இடத்தில் வரியைச் சுருக்குவோம், இல்லை எடுத்துவிடுவோம். ஒரே சிலர் மட்டும் கூப்பிடுகிறார்கள் என்றால் குணம் அந்தச் சிலருக்கு மட்டும் பொருந்துகிறது என்று பொருள். மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று படித்து அவர்களுக்கேற்ற வரிகளைச் சேர்ப்போம்.

புதிய வரிகளை இப்போது உறுப்பினர்களும் எழுதித் தருகிறார்கள். அவற்றைச் சேர்க்கும் முன் நிர்வாகிகள் மூன்று முறை படிக்கிறார்கள். முதன்முதலாகக் குழுவில் பேசுகிறவருக்கு இந்தப் பதில் வந்தால் எப்படி இருக்கும், செடி இழந்தவருக்கு வந்தால் எப்படி இருக்கும், எழுபது வயதானவருக்கு வந்தால் எப்படி இருக்கும்? மூன்று பேருக்கும் பொருந்தினால் உள்ளே வரும். ஒருவருக்கு இடறினாலும், வரி எவ்வளவு அழகாக இருந்தாலும், வெளியேதான்.